பெயர், எண், ஊர்: நீண்ட பட்டியலை மூன்றாகப் பிரிக்கும் முன்

முதல் கட்டத்தில் ஒருவருடைய பெயர். அதன் கீழே அவருடைய தொலைபேசி எண். அதற்கும் கீழே ஊர். நான்காவது கட்டத்தில் அடுத்தவர் பெயர், பிறகு எண், பிறகு ஊர். இப்படி ஒரே நெடுவரிசையில் ஆயிரக்கணக்கான கட்டங்கள் கீழே இறங்கிக்கொண்டே போகும் எக்செல் கோப்பு கொங்குப் பகுதியில் எத்தனையோ பேர் கையில் இருக்கிறது. கும்பாபிஷேகம் நடத்தும் கோயில் கமிட்டியிடம் இருக்கும், கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்களிடம் இருக்கும், விசைத்தறிக்கு நூல் கொடுத்து வாங்குகிறவர்களிடமும் இருக்கும். கைபேசியில் ஒரு வரிக்கு ஒன்றாகத் தட்டச்சு செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை யாரோ அப்படியே நகலெடுத்து எக்செல்லில் ஒட்டினால் இந்த வடிவம்தான் கிடைக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

இதை ஆளுக்கு ஒரு வரிசையாக, பெயர் ஒரு நெடுவரிசையிலும் எண் ஒன்றிலும் ஊர் ஒன்றிலும் வருமாறு பிரிப்பதற்கு ஒற்றைச் சூத்திரம் போதும். அதைக் கடைசியில் தருகிறேன். அந்தச் சூத்திரத்துக்கு எண்ணத் தெரியும், அவ்வளவுதான். முதல் மூன்றை எடுத்து முதல் ஆளுக்குக் கொடுக்கும், அடுத்த மூன்றை அடுத்த ஆளுக்கு. எது பெயர், எது எண், எது ஊர் என்று அதற்குத் தெரியாது. பட்டியலில் ஓரிடத்தில் ஒரு வரி விடுபட்டிருந்தால் அதற்குக் கீழே இருக்கும் அத்தனை பேரும் ஒரு கட்டம் நகர்ந்துவிடுவார்கள். ஆகவே உண்மையான வேலை பிரிப்பதற்கு முன்பே இருக்கிறது: பட்டியல் மும்மூன்றாகத்தான் இருக்கிறதா என்று உறுதி செய்வது.

அதற்குப் பலரும் சொல்லும் வழி, மொத்தக் கட்டங்களை எண்ணி மூன்றால் வகுத்துப் பார்ப்பது. `=MOD(COUNTA(A:A),3)` என்று எழுதினால் மீதி வரும். மீதி 1 அல்லது 2 வந்தால் எங்கோ தவறு இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. மீதி 0 வந்தால் சரியாக இருக்கிறது என்று பலரும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த முடிவு எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காட்டவே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

காங்கேயம் பக்கம் ஒரு குலதெய்வக் கோயில். குடிபாட்டு மக்கள் திருப்பூர், ஈரோடு, கோவை, கரூர் என்று பரவியிருக்கிறார்கள். கும்பாபிஷேகப் பத்திரிகையைத் தபாலில் அனுப்ப முகவரிச் சீட்டு அச்சடிக்க வேண்டும் என்று, எனக்கு மாமன் முறையாகும் பொருளாளர் ஒரு கோப்பு அனுப்பினார். நோட்டில் எழுதி வைத்திருந்ததை அவர் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் அடித்திருக்கிறார்கள். A1 முதல் A1245 வரை ஒரே நெடுவரிசை. 1245ஐ மூன்றால் வகுத்தால் 415, மீதி இல்லை. "நோட்டிலும் 415 பேர்தான் மாப்பிள்ளை, கணக்கு நேராக இருக்கிறது, பிரித்துக் கொடுத்தால் போதும்" என்றார். மேலே சில பேரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. கடைசியில் சில பேரைப் பார்த்தேன், அதுவும் சரியாக இருந்தது.

நடுவில்தான் கோளாறு. 138ஆவது ஆளுக்கு எண் இல்லை. பெயருக்கு அடுத்து நேராக ஊர் வந்துவிட்டது. அதனால் ஒரு கட்டம் குறைந்தது. 290ஆவது ஆளுக்கு இரண்டு எண்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. அதனால் ஒரு கட்டம் கூடியது. குறைந்ததும் கூடியதும் ஒன்றையொன்று ஈடுகட்டி மொத்தம் மறுபடியும் 1245 ஆகிவிட்டது. இதை அப்படியே பிரித்திருந்தால் முதல் 137 வரிசைகள் சரியாக வரும், 291 முதல் கடைசி வரையும் சரியாக வரும். இடையில் இருக்கும் 153 வரிசைகள் தவறாக இருக்கும். 138ஆவது வரிசையில் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஊரும், ஊர் இருக்க வேண்டிய இடத்தில் அடுத்தவர் பெயரும் நிற்கும். 139இலிருந்து 289 வரை பெயர் நெடுவரிசையில் தொலைபேசி எண்ணும், எண் நெடுவரிசையில் ஊரும், ஊர் நெடுவரிசையில் வேறொருவர் பெயரும் வரும். முகவரிச் சீட்டில் 'உயர்திரு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பத்து இலக்க எண் அச்சாகும். மேலும் கீழும் பார்த்து ஒப்புதல் தருகிறவர் கண்ணில் இது படவே படாது.

அப்படியானால் எதை வைத்துச் சரிபார்ப்பது? மூன்று விவரங்களில் உருவத்தை வைத்தே கணினி அடையாளம் காணக்கூடியது ஒன்றே ஒன்று: தொலைபேசி எண். பெயரும் ஊரும் இரண்டுமே எழுத்துகள். ஊர்ப் பட்டியல் ஒன்று வைத்துக்கொண்டு ஒப்பிடலாமே என்று தோன்றும். கோவை என்றும் கோயம்புத்தூர் என்றும் கோயமுத்தூர் என்றும் ஒரே பட்டியலில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள், அதையாவது சரிசெய்துவிடலாம். நம் பகுதியில் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சென்னிமலை என்பது ஊர்; சென்னிமலை என்று பெயர் வைத்துக்கொண்ட பெரியவர்களும் நிறைய இருக்கிறார்கள். பழனியும் அப்படித்தான். முருகன் குடியிருக்கும் மலைகளின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது இங்கே வழக்கம் என்பதால், ஊர்ப் பட்டியலோடு ஒப்பிட்டால் ஆட்களும் ஊர்களாகிவிடுவார்கள்.

எண்ணை நங்கூரமாக வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை. ஒருவருடைய எண்ணுக்கும் அடுத்தவருடைய எண்ணுக்கும் நடுவில் இருக்க வேண்டியவை இரண்டே கட்டங்கள்: முன்னவருடைய ஊர், பின்னவருடைய பெயர். அதாவது, ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு எப்போதும் மூன்று படிகள். இந்த இடைவெளி எங்கே மூன்றாக இல்லையோ அங்கேதான் கோளாறு. பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை, இடைவெளி மாறும் இடங்களை மட்டும் பார்த்தால் போதும்.

இதற்கு A நெடுவரிசைக்குப் பக்கத்தில் மூன்று துணை நெடுவரிசைகள் போட்டுக்கொள்கிறேன்.

```
B1:  =SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(A1,UNICHAR(160),"")," ",""),"-","")
C1:  =IF(AND(LEN(B1)>=10,ISNUMBER(--B1)),ROW(),"")
D2:  =IF(C2="","",C2-MAX(C$1:C1))
```

B நெடுவரிசை, கட்டத்தில் உள்ளதிலிருந்து இடைவெளிகளையும் சிறு கோடுகளையும் நீக்குகிறது. `UNICHAR(160)` என்பது இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் ஒருவகை வெற்றிடம். பார்வைக்குச் சாதாரண இடைவெளிபோல இருக்கும், ஆனால் `TRIM` அதைத் தொடாது. C நெடுவரிசை, மிஞ்சியது பத்து இலக்கமோ அதற்கு மேலோ உள்ள எண்ணா என்று பார்த்து, ஆம் என்றால் அது எத்தனையாவது வரிசை என்று குறித்துக்கொள்கிறது. பத்து என்ற எல்லை இருப்பதால், ஊருக்குக் கீழே தனி வரியாக அஞ்சல் குறியீட்டு எண்ணை எழுதியிருந்தாலும் அது தொலைபேசியாகக் கணக்கில் வராது. அதற்கு ஆறு இலக்கங்கள்தான். D நெடுவரிசை, முந்தைய எண் இருந்த வரிசையிலிருந்து இது எத்தனை படி தள்ளி இருக்கிறது என்று சொல்கிறது. மூன்றையும் கடைசி வரை இழுத்துவிட்டு, D நெடுவரிசையில் `Filter` போட்டு, 3ஐயும் வெறுமையானவற்றையும் மறைத்துவிட்டால் கோளாறுகள் மட்டும் எஞ்சி நிற்கும். முதல் எண்ணுக்கு மட்டும் இடைவெளி 2 என்று வரும். அதற்கு மேலே பெயர் ஒன்றுதான் இருக்கிறது, ஆகையால் அது சரிதான். அதேபோல், கடைசி எண்ணுக்குக் கீழே ஒரே ஒரு கட்டம் இருக்க வேண்டும். அதை இந்தச் சூத்திரம் காட்டாது, கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருளாளர் அனுப்பிய கோப்பில் முதல் எண்ணைத் தவிர்த்து நான்கு இடங்கள் எஞ்சின. A415இல் 5. A718இல் 6. A808இல் மறுபடியும் 6. A869இல் 1.

ஒன்று என்று வந்தால் விளக்கமே வேண்டாம். எண்ணுக்கு அடுத்த கட்டத்திலேயே இன்னோர் எண். ஒரே ஆளுக்கு இரண்டு கைபேசிகள்.

ஆறு என்பது மூன்றின் இரட்டிப்பு. அதனால் அங்கே கட்டம் எதுவும் குறையவில்லை, கூடவும் இல்லை. நடுவில் ஓர் எண் இருக்கிறது, ஆனால் சூத்திரம் அதை எண் என்று ஏற்கவில்லை. A715ஐப் பார்த்தபோது இரண்டு எண்களைச் சாய்கோடு போட்டு ஒரே கட்டத்தில் எழுதியிருந்தார்கள். காரணம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. A805தான் யோசிக்க வைத்தது. பத்து இலக்கங்கள், கோடு இல்லை, இடைவெளி இல்லை, பார்ப்பதற்கு மற்ற எண்களைப் போலவேதான் இருந்தது. `=LEN(A805)` போட்டால் 12 என்று வந்தது. கைபேசியின் தொடர்புப் பட்டியலிலிருந்து எண்ணை நகலெடுக்கும்போது சில சமயம் முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. எழுத்து இடமிருந்து வலமாகப் போகிறது என்று மென்பொருளுக்குச் சொல்லும் குறிகள் அவை. ஒருங்குறியில் அவற்றின் எண்கள் 8234, 8236. அந்தக் கட்டத்தை அழித்துவிட்டுப் பத்து இலக்கங்களையும் கையால் அடித்தால் தீர்ந்தது. ஐம்பது இடங்களில் இருந்தால் `UNICHAR(8234)`, `UNICHAR(8236)` இரண்டையும் அதே `SUBSTITUTE` வழியில் நீக்கலாம்.

ஐந்து என்று வந்த இடம்தான் இந்தக் கோப்பிலேயே நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். எண்களை மறைத்து அப்படியே தருகிறேன்.

```
A410   98XXXXXX31
A411   வெள்ளகோவில்
A412   சென்னிமலை
A413   பெருந்துறை
A414   பழனிச்சாமி
A415   94XXXXXX07
```

இரண்டு எண்களுக்கு நடுவே இரண்டுக்குப் பதில் நான்கு கட்டங்கள். இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். முதலாவது: வெள்ளகோவில் என்பது முன்னவருடைய ஊர், சென்னிமலை என்ற பெயருள்ள ஒருவர் பெருந்துறையில் இருக்கிறார், அவருக்கு எண் விடுபட்டிருக்கிறது, அடுத்து பழனிச்சாமி. இரண்டாவது: முன்னவருடைய முகவரியையே யாரோ மூன்று வரியாக எழுதிவிட்டார்கள், வெள்ளகோவில், சென்னிமலை, பெருந்துறை மூன்றுமே ஊர்கள், அடுத்த ஆள் பழனிச்சாமிதான். சூத்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் ஐந்து என்றே வரும். ஊர்ப் பட்டியலோடு ஒப்பிட்டிருந்தால் இரண்டாவதே சரி என்று அடித்துச் சொல்லியிருக்கும்.

இந்தப் பக்கத்து வழி தெரிந்தவர்களுக்கு இரண்டாவது விளக்கம் பொருந்தாது என்பது உடனே தெரிந்துவிடும். மூன்று வரியாக முகவரி எழுதுகிறவர்கள் சிற்றூர், அஞ்சல், வட்டம் என்ற வரிசையில் எழுதுவார்கள். சென்னிமலை ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறை வட்டத்தில் இருக்கிறது, அந்த இரண்டும் சேர்ந்து வரலாம். வெள்ளகோவிலோ திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம் வட்டத்தைச் சேர்ந்த தனி ஊர். அது சென்னிமலை அஞ்சலுக்குள் வராது. ஆகவே சென்னிமலை ஆளாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் ஊகத்தில் ஒருவரைச் சேர்ப்பதோ நீக்குவதோ கூடாது என்பதால் பொருளாளரைக் கூப்பிட்டு நோட்டைப் பார்க்கச் சொன்னேன். "138ஆவது பேர், சென்னிமலை, பெருந்துறை, போன் நம்பர் இடம் வெறுமையாக இருக்கிறது மாப்பிள்ளை" என்றார். நோட்டில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்ததால் அடித்த பிள்ளைகள் அதை ஒரு வரியாக எண்ணவில்லை.

இந்தக் கோப்பில் வராத மற்ற இடைவெளிகளையும் சொல்லிவிடுகிறேன், வேறு பட்டியல்களில் பார்த்திருக்கிறேன். நான்கு என்று வந்தால் ஒரு வரி கூடியிருக்கிறது. பெரும்பாலும் ஊர் இரண்டு வரியாகப் பிரிந்திருக்கும், அல்லது பெயருக்குக் கீழே 'ஆசிரியர் ஓய்வு', 'மளிகைக் கடை' என்று ஏதாவது எழுதியிருப்பார்கள். இரண்டு என்று வந்தால் ஊரோ பெயரோ ஒன்று விழுந்துவிட்டது. நான்கும் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் கட்டம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. ஒருவருக்கு மட்டும் வரிசை மாறியிருக்கிறது. நான்கு முதலில் வந்து இரண்டு பின்னால் வந்தால் எண்ணுக்கு முன்பே ஊரை எழுதிவிட்டார்கள். இரண்டு முதலில் வந்து நான்கு பின்னால் வந்தால் பெயருக்கு முன்பே எண் வந்துவிட்டது.

பட்டியல் முழுவதும் இரண்டு இரண்டாக வந்தால் காரணம் வேறு. திருப்பூரில் ஒரு கணக்கு அலுவலகத்தில் அப்படி ஒரு கோப்பைப் பார்த்தேன். ஒரே ஆள் இரண்டு முறை வந்திருப்பார் என்று நினைத்து, பிரிப்பதற்கு முன்பே யாரோ அந்த நீண்ட நெடுவரிசையில் `Remove Duplicates` அழுத்திவிட்டார்கள். எக்செல் சொன்னதைச் செய்தது. திருப்பூர் என்ற சொல் முதன்முதலில் வந்த இடத்தைத் தவிர மற்ற எல்லாத் திருப்பூரும் போய்விட்டது. பல்லடமும் அவிநாசியும் ஆளுக்கு ஒன்றுதான் எஞ்சின. பெயர்களும் எண்களும் இருந்தன, ஊர்கள் இல்லை. ஒரே பெயர் கொண்ட இரண்டு பேரில் ஒருவர் பெயரும் போயிருந்தது. பழைய நகல் இல்லாவிட்டால் அதை மீட்க வழியே இல்லை. அகர வரிசையில் அடுக்குவதும் அதேபோலத்தான். ஒரே நெடுவரிசையில் இருக்கும்போது ஒருவருடைய பெயரையும் அவருடைய எண்ணையும் சேர்த்துக் கட்டியிருப்பது அவை நிற்கும் வரிசை மட்டுமே. `Sort` அழுத்திய கணத்தில் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். ஆகவே கோப்பு கைக்கு வந்தவுடன் முதல் வேலையாக அந்தத் தாளை நகலெடுத்து வைத்துவிட்டு, நகலில்தான் கை வைப்பேன்.

வெற்று வரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில பட்டியல்களில் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு வெற்றுக் கட்டம் இருக்கும். பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று `Go To Special` போய் `Blanks` எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்துவிடுகிறார்கள். என் கருத்தில் அது அந்தப் பட்டியலுக்குச் செய்யும் பெரிய கேடு. ஒருவர் எங்கே முடிந்து அடுத்தவர் எங்கே தொடங்குகிறார் என்பதற்கு அந்த வெற்றிடம்தான் வரப்பு. அது இருந்தால் சென்னிமலை ஆளா ஊரா என்று நோட்டைப் புரட்ட வேண்டியதே இல்லை. வெற்று வரி உள்ள பட்டியலில் சரியான இடைவெளி மூன்றுக்குப் பதில் நான்கு, அவ்வளவுதான் வேறுபாடு. கோளாறுகளை எல்லாம் தீர்த்த பிறகு வெற்றுக் கட்டங்களை நீக்கிக்கொள்ளலாம்.

இனித் திருத்துவது. எப்போதும் கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே ஒரு வரிசையைச் சேர்த்தால் கீழே இருக்கும் எல்லாவற்றின் வரிசை எண்ணும் மாறிவிடும், குறித்து வைத்த இடங்கள் பொய்யாகிவிடும். ஆகவே முதலில் A869. அந்த இரண்டாவது எண்ணை ஆளின் பெயரோடு வேறொரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அந்த வரிசையை முழுவதுமாக நீக்கினேன். பிறகு A805இல் எண்ணைப் புதிதாக அடித்தேன். A715இல் சாய்கோட்டுக்குப் பின்னால் இருந்த எண்ணையும் அதே தாளுக்கு மாற்றினேன். கடைசியாக 413ஆவது வரிசைக்கு மேலே ஒரு புது வரிசை சேர்த்து, சென்னிமலை என்பவருக்கு எண்ணாக `0000000000` என்று பத்துச் சுழியம் போட்டேன்.

அந்த இடத்தை வெறுமையாக விடாததற்குக் காரணம் உண்டு. பிரிக்கும் சூத்திரம் வெற்றுக் கட்டத்தை 0 என்று காட்டும், அது தவறா உண்மையா என்று பின்னால் குழப்பும். 'இல்லை' என்று எழுதினால் இடைவெளிச் சோதனை அதை எண்ணாக ஏற்காது, ஐந்துக்குப் பதில் ஆறு என்று காட்டிக்கொண்டே இருக்கும். பத்துச் சுழியம் சோதனையில் எண்ணாகத் தேறும், உண்மையான எண்ணோடு ஒருபோதும் கலக்காது, பின்னால் தேடியெடுப்பதும் எளிது. ஒரு முன்னேற்பாடு மட்டும் வேண்டும்: A நெடுவரிசை `Text` வடிவத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்துச் சுழியத்தை எக்செல் ஒரே சுழியமாக்கிவிடும்.

அந்த `Text` வடிவம் வேறொரு காரணத்துக்காகவும் தேவை, அதை ஒட்டுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். வயதானவர்கள் சிலர் இன்னும் வீட்டுத் தொலைபேசி எண்ணைத்தான் கொடுக்கிறார்கள். ஈரோட்டுக்கு 0424, கோவைக்கு 0422, திருப்பூருக்கு 0421. குறியீட்டோடு சேர்த்தால் பதினோரு இலக்கம். சாதாரண வடிவத்தில் ஒட்டினால் முன்னால் இருக்கும் சுழியம் காணாமல் போய் 424 என்று தொடங்கும் பத்து இலக்கம் எஞ்சும். கைபேசி எண் போலவே தோன்றும், இடைவெளிச் சோதனையும் அதை ஏற்றுக்கொள்ளும். நம் நாட்டில் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆகவே பத்து இலக்கம் இருந்து 4இல் தொடங்கினால் அதன் சுழியம் எங்கோ விழுந்துவிட்டது என்று பொருள்.

வரிசைகளைச் சேர்த்து நீக்கியதால் துணை நெடுவரிசைகளின் சூத்திரங்களில் ஓரிரு இடம் கலைந்திருக்கும். அவற்றை மறுபடியும் மேலிருந்து கீழே இழுத்து நிரப்பிவிட்டு D நெடுவரிசையைப் பார்த்தால், முதல் எண்ணின் 2ஐத் தவிர எல்லாம் 3. மொத்தக் கட்டங்கள் இப்போதும் 1245தான். முன்பு இருந்த 1245க்கும் இந்த 1245க்கும் மூன்றால் வகுக்கும் சோதனையில் எந்த வேறுபாடும் தெரியாது.

இப்போதுதான் பிரிக்கும் நேரம். புதிய எக்செல்லும் கூகுள் ஷீட்ஸும் வைத்திருப்பவர்களுக்கு F1இல் இந்த ஒரு வரி போதும். மூன்று நெடுவரிசைகளும் தானாகவே நிரம்பிவிடும்.

```
=WRAPROWS(A1:A1245,3)
```

`#SPILL!` என்று வந்தால் அது நிரம்ப வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, அதை அகற்ற வேண்டும். கோயில் அலுவலகத்துக் கணினியில் இருந்தது பழைய எக்செல், அதில் இந்தச் சூத்திரம் கிடையாது. அங்கே F1இல் எழுதியது இது:

```
=INDEX($A$1:$A$1245,3*(ROWS(A$1:A1)-1)+COLUMNS($A1:A1))
```

இதை H1 வரை வலப்பக்கம் இழுத்து, பிறகு மூன்றையும் 415ஆவது வரிசை வரை கீழே இழுக்க வேண்டும். `ROWS` எத்தனையாவது ஆள் என்று எண்ணுகிறது, `COLUMNS` அவருடைய எத்தனையாவது விவரம் என்று எண்ணுகிறது. 139ஆவது ஆளின் எண் வேண்டும் என்றால் 138ஐ மூன்றால் பெருக்கி 414, அதோடு 2 சேர்த்து 416. A416இல் இருப்பதை எடுத்து வைக்கும். திருத்துவதற்கு முன் பழனிச்சாமியின் எண் A415இல் இருந்தது; வரிசை ஒன்று சேர்த்ததால் அது சரியாக 416க்கு வந்திருக்கிறது. 415ஆவது வரிசைக்குக் கீழேயும் இழுத்துவிட்டால் `#REF!` என்று வரும். பட்டியல் முடிந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி.

எந்த வழியில் பிரித்தாலும் F, G, H மூன்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, புதிய தாளில் `Paste Special` வழியாக `Values` ஆக ஒட்டிய பிறகே அடுக்குவது, வடிகட்டுவது எல்லாம். சூத்திரங்களாகவே இருக்கும்போது A நெடுவரிசையை அழித்தாலோ அடுக்கினாலோ மறுபடியும் குழப்பம்தான்.

இடைவெளிச் சோதனைக்கு எட்டாத ஒரு கோளாறு உண்டு. ஒருவருக்கு ஊர் விடுபட்டு, அதற்கு அடுத்தவருக்குப் பெயர் இரண்டு வரியாக இருந்தால், நடுவில் சரியாக இரண்டு கட்டங்கள் நிற்கும்; இடைவெளி மூன்றே வரும். அரிதுதான், ஆனால் நடக்கக்கூடியது. அதற்காக, ஒட்டி முடித்த தாளில் ஊர் நெடுவரிசைக்கு `Filter` போட்டு அதன் பட்டியலைத் திறந்து பார்க்கிறேன். 415 பேர் இருந்தாலும் வெவ்வேறு ஊர்கள் சில பத்துகள்தான் இருக்கும், ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். அங்கே ஓர் ஆளின் பெயர் நின்றால் தனியாகத் தெரியும். கோவையும் கோயம்புத்தூரும் தனித்தனியாக நிற்பதையும் அங்கேயே ஒன்றாக்கிக்கொள்ளலாம். இந்தத் தாளில் சென்னிமலை என்று ஊர் நெடுவரிசையில் வந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்து ஒவ்வொருவரையும் பெயரோடு சேர்த்துப் படித்தேன். எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள்தான்.

பிறகு எண் நெடுவரிசையில் `0000000000` என்று வடிகட்டினேன். ஒருவர்தான் வந்தார். பெருந்துறையில் அவரை அறிந்தவர்கள் பட்டியலிலேயே இருந்தார்கள். ஊரைப் பெருந்துறை என்று வடிகட்டி அந்தப் பெயர்களைப் பொருளாளருக்கு அனுப்பினேன். அவர்களில் ஒருவரிடம் கேட்டு எண்ணை வாங்கினார். அதைச் சுழியங்களின் இடத்தில் போட்டு, ஊர் வாரியாக அடுக்கி, கோப்பை அச்சகத்துக்குக் கொடுத்தோம்.